மூட்டை பிடித்த பிறகு மக்காச்சோளத்தின் ஈரப்பதம் கூடியது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் அரூர் பக்கம். அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கதிரடித்த மறுநாள் காலையில் மக்காச்சோளம் 1,000 கிலோ இருந்தது, மீட்டர் 18.4 காட்டியது. சிமெண்டுக் களத்தில் இரண்டு நாள் காயவைத்து, இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு 12.3 வந்ததும் மூட்டை பிடித்தோம். மொத்தம் 952 கிலோ. நான்கு நாள் கழித்து அதே மூட்டைகளில் அதே மீட்டர் 14.1 காட்டுகிறது. மழை பெய்யவில்லை. காற்றிலிருந்து ஈரம் ஏறியதா, மீட்டர் கெட்டுவிட்டதா? கேழ்வரகுக்கும் இப்படி வருமா?

பதில்:

நீங்கள் இரண்டு காரணங்களைச் சொல்லி எது என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை என்பதே என் கணிப்பு. உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, வெயிலிலிருந்து அள்ளிய மணியை மீட்டரில் போடும்போது அது எதை அளக்கிறது என்பது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தானிய உலர்த்திகளோடும் கிடங்குகளோடும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 12.3 என்பது மணியின் ஈரப்பதம் அன்று. அது பெரும்பாலும் மணியின் மேற்புறத்தின் ஈரப்பதம். 14.1 உண்மைக்கு அருகில் உள்ள எண். இதை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த எடைகளை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

முதலில் காற்றிலிருந்து ஈரம் ஏறியது என்ற காரணத்தைப் பார்ப்போம். 50 கிலோ மூட்டை ஒன்றில் ஈரப்பதம் 12.3 சதவீதம் என்றால், உலர்பொருள் 43.85 கிலோ. அந்த உலர்பொருள் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அதே மூட்டை 14.1 சதவீதத்துக்கு வர வேண்டுமானால் மொத்த எடை 43.85-ஐ 0.859-ஆல் வகுத்தால் வரும் 51.05 கிலோவாக இருக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு மூட்டையும் ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரைக் காற்றிலிருந்து குடித்திருக்க வேண்டும். 25 பாகை செல்சியசில், ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதமாக உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிராம் நீராவிதான் இருக்கிறது. ஒரு மூட்டைக்குத் தேவையான தண்ணீரைத் தர, 65 கன மீட்டர் காற்று தன்னிடமுள்ள நீராவி முழுவதையும் இழக்க வேண்டும். காற்று அப்படி முழுவதையும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதால் உண்மையில் அதைப்போலப் பல மடங்கு காற்று மூட்டைக்குள் புகுந்து வெளியேற வேண்டும். அடுக்கி வைத்த சாக்குக்குள் நான்கு நாளில் அது நடக்காது. சாக்கை ஒட்டியுள்ள ஓரங்குல மணிகள் வேண்டுமானால் சற்று ஈரம் வாங்கும். எனவே இன்றே இரண்டு மூட்டைகளை எடைபோட்டுப் பாருங்கள். எடை மாறவில்லை என்றால் உள்ளே தண்ணீர் எதுவும் வரவில்லை, முதல் அளவுதான் தவறு. மீட்டரைச் சந்தேகிக்கும் முன் தராசிடம் கேட்பது என் பழக்கம், ஏனென்றால் தராசுக்கு மணியின் வெப்பநிலையும் தெரியாது, ரகமும் தெரியாது.

அடுத்து, உங்கள் மொத்த எடைகளிலிருந்தே இறுதி ஈரப்பதம் கிடைக்கிறது. தொடக்கத்தில் 1,000 கிலோவில் 18.4 சதவீதம் ஈரம் என்றால் உலர்பொருள் 816 கிலோ. காய்ந்த பிறகு 952 கிலோ. ஈர அடிப்படையில் கணக்கிடும் வாய்பாடு இது:

M = 100 × (1 − 816 / 952) = 14.3

அதாவது மூட்டை பிடித்த அன்றே உங்கள் சோளத்தில் 14.3 சதவீதம் ஈரம் இருந்திருக்கிறது. நான்கு நாள் கழித்து மீட்டர் காட்டிய 14.1-க்கும் இதற்கும் இடையே உள்ள வேறுபாடு மீட்டரின் வழக்கமான பிழைக்குள் அடங்கும். உண்மையிலேயே 12.3-க்கு வந்திருந்தால் மொத்த எடை 930 கிலோவாக இறங்கியிருக்கும். 22 கிலோ தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கும்போதே மீட்டர் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. தொடக்க அளவு 18.4 ஆக இல்லாமல் 18.0 ஆக இருந்திருந்தால் விடை 13.9 ஆகிவிடும், புதிதாகக் கதிரடித்த சோளத்தில் மணிக்கு மணி ஈரம் வேறுபடுவதால் அந்த அளவு அரைப் புள்ளி பிசகுவது சாதாரணம். களத்தில் சிந்தியது, குருவி தின்றது, தூசியாகப் பறந்தது எல்லாவற்றையும் இந்தக் கணக்கு ஆவியான தண்ணீராகவே எண்ணிக்கொள்ளும். 5 கிலோ சிந்தியிருந்தால் உண்மையான ஈரப்பதம் 14.3 அன்று, 14.7. ஆகவே சிந்திய பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும்: சோளம் உண்மையைவிடக் காய்ந்ததாகவே தெரியும். ஆனால் எப்படிப் பிசகினாலும் 12.3-க்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மீட்டர் ஏன் அப்படிக் காட்டியது என்பதற்கு மணிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சிமெண்டுக் களத்தில் வெயில் மணியின் மேல்தோலைச் சூடாக்க, அங்குள்ள ஈரம் காற்றுக்குப் போய்விடுகிறது. நடுவில் உள்ள ஈரம் மாவுப்பகுதி வழியே ஊர்ந்து மேலே வர வேண்டும். மேற்புறத்திலிருந்து ஆவியாகும் வேகம் உள்ளிருந்து வரும் வேகத்தைவிட அதிகம் என்பதால், பிற்பகலில் மணியின் தோல் 10 சதவீதத்துக்குக் கீழேயும் நடுப்பகுதி 16 சதவீதத்துக்கு மேலேயும் இருக்கலாம். மூட்டைக்குள் வெயிலும் காற்றும் இல்லாததால் ஆவியாதல் நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் ஈரம் மட்டும் மேற்புறத்தை நோக்கி நகர்ந்து மணி முழுவதும் சமமாகப் பரவுகிறது. மணியின் மொத்த ஈரம் ஒரு துளியும் மாறாமலேயே தோலின் ஈரம் கூடுகிறது. மீட்டர் பார்ப்பது தோலை என்பதால் எண் ஏறுகிறது.

எவ்வளவு ஏமாறும் என்பது மீட்டரின் வகையைப் பொறுத்தது. திருகி அழுத்தி அளக்கும் பழைய வகை, மணிகளின் மின்தடையை அளக்கிறது. மின்னோட்டம் மணிக்கு மணி தொடும் இடங்கள் வழியே தோலை ஒட்டித்தான் ஓடுகிறது. தோல் காய்ந்திருந்தால் முழு மணியும் காய்ந்ததாகவே அதற்குத் தோன்றும். அதே மீட்டரில் விடியற்காலைப் பனியில் நனைந்த சோளத்தைப் போட்டால், உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தாலும் ஈரம் அதிகம் என்று காட்டும். கோப்பையில் கொட்டி அளக்கும் இன்றைய கையடக்க மீட்டர்கள் மின்தேக்குத்திறனை அளக்கின்றன. தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80; காய்ந்த மாவுப்பொருளுக்கு அது ஒற்றை இலக்கம். அந்தப் பெரிய இடைவெளியைப் பயன்படுத்தி மணி முழுவதையும் அது பார்க்கிறது என்பதால் ஏமாற்றம் குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. புதிதாகக் காய்ந்த மக்காச்சோளத்தில் இரண்டாம் வகை மீட்டரும் ஒன்று முதல் இரண்டு புள்ளிவரை குறைத்துக் காட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களுடையது 1.8, எந்த வகை மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை என்றாலும் அந்த எண் எனக்கு வியப்பைத் தரவில்லை.

இதோடு வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது, அதுவும் எதிர்த்திசையில். மின்தேக்குத்திறன் மீட்டரில் சூடான தானியத்தைத் திருத்தம் இல்லாமல் அளந்தால், பொதுவாக உண்மையைவிட அதிக ஈரம் காட்டும். நல்ல மீட்டர்கள் இதைத் தாமாகவே திருத்திக்கொள்ளும். ஆனால் அந்தத் திருத்தம் மீட்டருக்குள் உள்ள வெப்ப உணரி சொல்வதை நம்பியிருக்கிறது. நிழலில் இருந்து எடுத்து வந்த மீட்டருக்குள் 45 பாகைச் சோளத்தைக் கொட்டி, பத்து நொடியில் எண்ணைப் படித்தால், உணரி சொல்வது சோளத்தின் வெப்பத்தையும் அன்று, மீட்டரின் வெப்பத்தையும் அன்று. ஆக ஒரு பிழை கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. சில நாட்களில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, தற்செயலாகச் சரியான எண் வந்துவிடும். அதுதான் ஆபத்து: ஒரு பருவம் முழுக்க மாலை அளவையே நம்பி நன்றாக ஓட்டியவர் அடுத்த பருவம் மூட்டை சூடேறும்போது காரணம் தெரியாமல் நிற்பார்.

நானே அப்படி நின்றவன்தான். வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் ஓர் உலர்த்தியின் வாயிலில் சூடாக விழுந்த சோளத்தை அங்கேயே அளந்து, 12-ஐத் தொட்டதும் எரிப்பானை நிறுத்தச் சொன்னேன். பத்து நாள் கழித்துக் கிடங்கில் அடுக்கின் நடுவில் இருந்த மூட்டைக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவித் தொட்டபோது, கை எடுக்க வைக்கும் அளவுக்குச் சூடு. புளித்த மணமும் வந்தது. உடைத்துப் பார்த்ததில் மூட்டையின் நடுவில் பச்சைப் பூசணம். அந்தக் கம்பிச் சோதனை இன்றும் சிறந்தது. மணம் வரும் முன்பே சூடு சொல்லிவிடும். பூசணம் பிடித்த பிறகு மீண்டும் காயவைத்தால் வளர்ச்சி நிற்குமே தவிர, அஃப்லாடாக்சின் உருவாகியிருந்தால் வெயில் அதை அகற்றாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, களத்தில் அளப்பது எப்படி? நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வேலை: மாதிரியைக் காத்திருக்க வைப்பது. களத்தின் நான்கைந்து இடங்களில், மேலிருந்தும் அடியிலிருந்தும் சேர்த்து ஒரு கிலோ அளவுக்கு எடுத்து, காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில் விளிம்புவரை நிரப்பி, வீட்டுக்குள் நிழலில் ஓரிரவு வையுங்கள். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட காற்று பற்றிக் கவலை வேண்டாம். ஒரு லிட்டர் காற்றில் உள்ள நீராவி சில நூறில் ஒரு பங்கு கிராம்தான், ஒரு கிலோ சோளத்திலோ 130 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. காலையில் மணி முழுதும் ஈரம் சமமாகியிருக்கும், மீட்டரும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்கும், இரண்டு பிழைகளும் சேர்ந்தே விலகிவிடும். அப்போது அளந்து, கொட்டி, மீண்டும் நிரப்பி, மூன்று முறை படித்துச் சராசரி எடுங்கள். ஒரே உயரத்திலிருந்து ஒரே வேகத்தில் கொட்ட வேண்டும், ஏனென்றால் கோப்பையில் மணிகள் இறுகும் அளவு மாறினால் மீட்டரின் எண்ணும் மாறும். அன்று மாலை மூட்டை பிடிக்க ஆள் வந்து நிற்கும்போது இதைச் சொன்னால் கோபப்படுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு நடைமுறை வழி உண்டு: மாலையில் வரும் எண்ணோடு இரண்டு புள்ளியைக் கூட்டி, அதுவும் உங்கள் வரம்புக்குள் இருந்தால் மட்டும் மூட்டை பிடியுங்கள். இது தோராயமான பாதுகாப்பு, அளவீடு அன்று.

மீட்டர் இல்லாத வீடுகளில் உப்புச் சோதனை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளமும் ஒரு பிடி காய்ந்த உப்பும் போட்டு மூடி, குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால், உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் ஈரம் அதிகம், ஒட்டாமல் உதிர்ந்தால் காய்ந்தது என்பார்கள். இதன் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது. சமையல் உப்பு ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மூடிய பாட்டிலில் மணிகளின் இடுக்கில் உள்ள காற்று, மணியின் ஈரத்தோடு சமநிலைக்கு வருகிறது. மக்காச்சோளத்தில் 25 பாகையில் 75 சதவீதக் காற்றோடு சமநிலையில் நிற்கும் ஈரப்பதம் ஏறத்தாழ 15. ஆக உப்பு ஒட்டவில்லை என்றால் சோளம் 15-க்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே பொருள். 12 என்று அது ஒருநாளும் சொல்லாது. உங்கள் 14.3 சோளம் இந்தச் சோதனையில் தேர்ச்சி பெற்றுவிடும். இந்தத் தேர்ச்சியை நம்பி ஆறு மாதம் சேமிக்கத் துணிவதுதான் தவறு.

அதே தத்துவத்தை இன்னும் கூர்மையாகப் பயன்படுத்தலாம், மாணவராக நீங்கள் செய்து பார்க்க வேண்டியது இதைத்தான். கடையில் கிடைக்கும் சிறிய எண்திரை ஈரமானி ஒன்றை, அதாவது அறையின் வெப்பநிலையையும் ஒப்பு ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவியை, சோளம் நிரப்பிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்து இறுக மூடி, நிழலில் சில மணிநேரம் விடுங்கள். எண் அசையாமல் நின்றதும் படியுங்கள். 28 பாகையில் அது 65 சதவீதம் காட்டினால் சோளம் ஏறத்தாழ 13-லும், 70 காட்டினால் ஏறத்தாழ 14-லும் இருக்கிறது. பூசணம் வளர்வதற்கான வாசல் இந்த 65-க்கும் 70-க்கும் இடையில்தான் இருக்கிறது. பூசணத்துக்கு வேண்டியது மணியின் சதவீதம் அன்று, மணியைச் சுற்றியுள்ள காற்றின் ஈரம். ஆகவே சேமிப்புக்கு எது முக்கியமோ அதை இந்தப் பாட்டில் நேரடியாக அளக்கிறது. மலிவான ஈரமானிகள் ஐந்து சதவீதம் பிசகுவது வழக்கம். அதைச் சரிபார்க்கவும் உப்புதான் உதவும்: ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரமணல் போலப் பிசைந்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் அது 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் அந்தக் கருவியில் நான்கைக் கழித்துப் படியுங்கள். நான் சொன்ன சமநிலை எண்கள் அமெரிக்க மஞ்சள் சோளத்துக்கு வகுத்த சமன்பாட்டிலிருந்து வருபவை. நம் ரகங்களில் அரைப் புள்ளி இங்குமங்கும் போகலாம்.

இந்தச் சமநிலை எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. 28 பாகையில் 60 சதவீதக் காற்றோடு மக்காச்சோளம் 12.3-இல் சமநிலைக்கு வந்துவிடும். நிழலில் அந்தக் காற்றை எத்தனை நாள் வீசினாலும் அதற்குக் கீழே இறங்காது. வெயிலில் இறங்குவதற்குக் காரணம் காற்று அன்று, மணியே சூடாவது: 45 பாகையில் உள்ள மணியை ஒட்டிய காற்று அறைக்காற்றைவிட மிகவும் வறண்டதாக நடந்துகொள்கிறது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழை முடிந்தும் மேகம் விலகாத நாட்களில், காற்று நன்றாக வீசினாலும் களத்தில் சோளம் 14-ஐச் சுற்றியே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் இன்னும் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, கிடைக்கும் வெயிலை எல்லா மணிக்கும் பங்கிடுவது ஒன்றே வழி. மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பினால் அடியில் உள்ள மணிக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை.

இந்த உள்ளீரம் வெளியே வரும் இயல்பை நம் ஊர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லாமலே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மாலையில் தானியத்தைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் பனி விலகியபின் பரப்புவார்கள். பனிக்காக மூடுகிறோம் என்று சொன்னாலும், இரவு முழுதும் குவியலுக்குள் ஈரம் சமமாகி, காலையில் மணியின் தோல் மீண்டும் ஈரத்தோடு நிற்பதால், மறுநாள் வெயில் முதல் மணிநேரத்திலேயே நிறைய ஈரத்தை எடுக்கிறது. நெல் ஆலைகளில் உள்ள எல்.எஸ்.யூ. வகை உலர்த்தியில் நெல்லை ஒரு சுற்று ஓட்டி, தொட்டியில் சில மணிநேரம் ஆறவைத்து, மீண்டும் ஓட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். நெல்லில் மட்டும் அதற்கு இன்னொரு பயனும் உண்டு, விரிசல் குறைந்து குருணை குறைகிறது. குவித்து மூடுவதில் இரண்டு எச்சரிக்கை. 18 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள சோளத்தை ஓரிரவுக்கு மேல் குவியலாக விடாதீர்கள், அது தன் மூச்சுச் சூட்டிலேயே புழுங்கிவிடும். காலையில் தார்ப்பாயை இழுக்கும்போது அதன் உட்புறம் துளித்துளியாகத் தண்ணீர் நிற்கும். அதைக் குவியல் மேலேயே உதறாமல் ஓரமாகச் சுருட்டி எடுங்கள்.

மீட்டர், பாட்டில், தராசு மூன்றுக்கும் நடுவரா​க ஒன்று வேண்டுமென்றால் அது கல்லூரி ஆய்வகத்தில் உள்ள அடுப்பு. முழு மக்காச்சோள மணிக்கு 103 பாகையில் 72 மணிநேரம். அரைக்காமல் முழுமணியாக வைப்பது, அரைக்கும்போது பறக்கும் ஈரத்தின் பிழையைத் தவிர்க்கத்தான். ஒரு கணக்கு: காலிக் கிண்ணம் 24.310 கிராம், சோளத்தோடு 39.512, மூன்று நாள் கழித்து 37.340. சோளத்தின் எடை 15.202, போன தண்ணீர் 2.172, ஆக 14.3 சதவீதம். கிண்ணத்தைச் சூடாக எடைபோடக் கூடாது. மூடி போட்டு உலர்கலத்தில் ஆறிய பிறகே தராசில் வைக்க வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றால் நேரத்தைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பதைவிட, எடை இரண்டு முறை ஒன்றாக வரும்வரை தொடர்வது மேல், ஏனென்றால் ஆறும் அடுப்புக்குள் காய்ந்த மணி மீண்டும் ஈரம் வாங்கியிருக்கும். ஒரு கிண்ணத்தை நம்பாமல் மூன்று வையுங்கள். அடுப்பு சொல்வதும் அந்த 15 கிராமைப் பற்றி மட்டும்தான். 952 கிலோவைப் பற்றி அது சொல்ல வேண்டுமானால் மாதிரி எடுத்தவர் ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும்.

கேழ்வரகுக்கு வருவோம். உள்ளீரம் மேலே வர எடுக்கும் நேரம் மணியின் கனத்தின் இருமடிப்படி கூடும். கேழ்வரகு மணியின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு, மக்காச்சோளத்தின் கனம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல். இதைக் கொண்டு பார்த்தால் சோளத்துக்கு வேண்டிய நேரத்தில் ஏழெட்டில் ஒரு பங்கே கேழ்வரகுக்குப் போதும். தோலின் தன்மை வேறு என்பதால் இது திட்டமான விகிதம் அன்று, அளவின் போக்கு மட்டுமே. நடைமுறையில் கேழ்வரகு களத்திலேயே கிட்டத்தட்டச் சமமாகிக்கொண்டே காய்கிறது, மூட்டைக்குள் எண் ஏறுவது மிகக் குறைவு. ஆனால் கேழ்வரகில் வேறு இரண்டு பொறிகள் உண்டு. மானாவாரிக் கேழ்வரகில் தாய்க்கதிர் முற்றும்போது பக்கத்தூர்க் கதிர்கள் பச்சையாக நிற்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்து, போர் வைத்து, சேர்த்தே அடிக்கிறோம். நான்கில் மூன்று பங்கு 11.5-லும் ஒரு பங்கு 17-லும் இருந்தால் மீட்டரின் சராசரி 12.9 என்று வரும். அந்த 17 எல்லா மூட்டையிலும் சீராகக் கலந்திருந்தால் சில நாளில் அக்கம்பக்கத்து மணிகளோடு சமமாகிவிடும். இரண்டு மூட்டையில் மட்டும் குவிந்திருந்தால் அந்த இரண்டும் கெட்டுவிடும். எனவே கேழ்வரகில் ஒரே மூட்டையில் பத்து முறை அளப்பதைவிடப் பத்து மூட்டையில் ஒரு முறை குத்தூசி போடுவது பயன் தரும்.

இரண்டாவது பொறி மீட்டரின் பட்டியல். பல கையடக்க மீட்டர்களில் நெல், கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் இருக்கும், கேழ்வரகு இருக்காது. உடனே கம்பையோ நாட்டுச் சோளத்தையோ தேர்ந்து அளந்துவிடுகிறார்கள். மணி எவ்வளவு இறுகி அடங்குகிறது என்பது தானியத்துக்குத் தானியம் மாறுவதால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அரசுக் கொள்முதலில் கேழ்வரகுக்கு ஈரப்பத வரம்பு 12 சதவீதம் என்னும்போது, வீட்டில் கம்பு எண்ணில் 12 பார்த்துவிட்டுப் போனவர் அங்கே 13.5 கேட்டுத் திரும்புவது இப்படித்தான். இதற்கு நீங்களே திருத்தம் செய்துகொள்ளலாம்: 10 முதல் 16 சதவீதம்வரை வெவ்வேறு ஈரத்தில் ஐந்தாறு கேழ்வரகு மாதிரிகளை ஓரிரவு மூடி வைத்து, ஒவ்வொன்றையும் கம்பு எண்ணில் மீட்டரிலும், பிறகு அரைத்து 130 பாகை அடுப்பில் 2 மணிநேரம் வைத்தும் அளந்து, வரைதாளில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு அந்த மீட்டருக்கும் அந்தத் தானியத்துக்கும் மட்டுமே செல்லும். பக்கத்து வீட்டு மீட்டருக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

இப்போது உங்கள் 19 மூட்டைகள். நாமக்கல் தீவனத்துக்கு இந்த வாரமே விற்பதாக இருந்தால், 14 சதவீதம் என்ற வழக்கமான வரம்பை ஒட்டித்தான் இருக்கிறீர்கள். வாங்குபவர் எடையில் கொஞ்சம் கழிப்பார், அவ்வளவே. ஆவணி வரை வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் 12-க்கு இறக்குங்கள். 816 கிலோ உலர்பொருளுக்கு 12 சதவீதத்தில் மொத்த எடை 927 கிலோ. இன்னும் 25 கிலோ தண்ணீர் போக வேண்டும். நல்ல வெயிலில் ஒரு முழு நாளும் மறுநாள் அரை நாளும் ஆகும் என்று நினைக்கிறேன். பரப்பும் முன் ஒரு மூட்டையை மட்டும் தனியாக எடைபோட்டு, அதைத் தனிப் பாத்தியில் காயவைத்து, அந்த மூட்டை 50 கிலோவிலிருந்து 48.7-க்கு இறங்கும்வரை மீட்டரை வெளியே எடுக்காதீர்கள்.